ஓடுகிற மெஷினைத் தொடாதே: ராணிப்பேட்டை டேனரி ஒன்றின் பராமரிப்புச் செலவுக் கணக்கு

இந்தக் கணக்கில் தப்பு செய்தவர்களில் முதல் ஆள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை எழுதுவது சுலபம்.

ராணிப்பேட்டையில் நடுத்தர அளவில் ஒரு தோல் பதனிடும் ஆலை. உப்புப் போட்ட எருமைத்தோல் லாரியில் வந்து இறங்கும். சில வாரங்களில் செருப்பு, ஷூ செய்பவர்களுக்கான முடித்த தோலாக வெளியே போகும். வேலூரிலிருந்து பஸ்ஸில் முத்துக்கடை வந்து இறங்கி அந்த ஆலைக்குச் செலவுக் கணக்காளனாகப் பல ஆண்டுகள் போய்வந்தேன். ஆலையின் பெயர் இங்கே தேவையில்லை. எண்களைக் கணக்குப் போட வசதியாக வட்டமாக்கியிருக்கிறேன், விகிதங்கள் மாறவில்லை.

ஆலையில் மூன்று பெரிய பிரிவுகள். சுண்ணாம்புப் பிரிவில் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு முடி நீக்கி, ஃபிளெஷிங் மெஷினில் சதை சீவுவார்கள். அடுத்தது பதனிடும் பிரிவு. சாயமும் எண்ணெயும் ஏற்றுவது அங்கேதான். கடைசியில் ஃபினிஷிங். இந்த மூன்றுக்கும் பொதுவாக ஒரு பராமரிப்புத் துறை: ஃபிட்டர்களும் எலக்ட்ரீஷியன்களுமாக ஒன்பது பேர், மேலே ஒரு மேற்பார்வையாளர். பாய்லருக்கும் கழிவுநீர்ப் பிரிவுக்கும் தனி ஒப்பந்தம் இருந்ததால் அவற்றை விட்டுவிடலாம்.

மணிக்கு 250 ரூபாய்

நான் போவதற்கு முன் பராமரிப்புச் செலவை மோட்டார்களின் குதிரைத்திறனை வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய மோட்டார் எங்கே இருக்கிறதோ அங்கே பெரிய தொகை போய் விழும். பெரிய மோட்டார் அடிக்கடி கெடும் என்று யார் சொன்னது? ஃபினிஷிங் பிரிவு மேலாளருக்கு இதில் தீராத குறை. அவர் குறை நியாயமானதுதான்.

அதனால் ஜாப் கார்டு கொண்டுவந்தேன். ஃபிட்டர் எந்த மெஷினில் எத்தனை மணி நேரம் வேலை செய்தார், ஸ்டோர்ஸிலிருந்து என்ன எடுத்தார், வெளிப்பட்டறைக்கு என்ன கொடுத்தார் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை. உதிரிப்பாகமும் வெளிவேலையும் நேராக அந்தத் துறைக் கணக்கில் ஏறும். மீதி, ஆட்களின் செலவு. ஒன்பது பேருக்குத் தலைக்கு மாதம் 24,000 ரூபாய் வீதம், பி.எஃப், ஈ.எஸ்.ஐ, போனஸ் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 25.92 லட்சம். மேற்பார்வையாளர் 5.40 லட்சம். கருவி, கிரீஸ், காட்டன் வேஸ்ட், வெல்டிங் ராடு, பட்டறையின் மின்சாரம், தேய்மானம் 3.68 லட்சம். மொத்தம் 35 லட்சம்.

விடுப்பு போக ஒருவர் ஆண்டுக்கு 270 நாள் வருகிறார். ஒரு நாளின் எட்டு மணியும் ஜாப் கார்டில் ஏறாது. கருவி தேடுவது, ஸ்டோர்ஸ் ஜன்னலில் நிற்பது, டீ எல்லாம் போக ஏறத்தாழ 72 சதவீதம்தான் ஏறும். அப்படிப் பார்த்தால் ஒன்பது பேருக்கு 14,000 மணி. 35 லட்சத்தை 14,000-ஆல் வகுத்தால் மணிக்கு 250 ரூபாய். முந்தைய ஆண்டில் சுண்ணாம்புப் பிரிவு 7,000 மணி, பதனிடும் பிரிவு 4,000, ஃபினிஷிங் 3,000 எடுத்திருந்தன.

இதுவரை சரி. தப்பு அடுத்த வரியில் இருந்தது. மாதாமாதம் 250 ரூபாய் வீதம் ஏற்றுவது, அரையாண்டு முடிவில் உண்மைச் செலவை உண்மை மணியால் வகுத்து வித்தியாசத்தைச் சரிசெய்வது என்று எழுதிக் கொடுத்தேன். பராமரிப்புத் துறையில் ஒரு ரூபாயும் தங்காமல் முழுதும் போய்ச் சேர வேண்டும் என்பது என் எண்ணம். பாடப்புத்தகத்தில் பார்க்க அழகான முறை.

யாருக்கும் மிச்சமாகாத 2.39 லட்சம்

சுண்ணாம்புப் பிரிவின் 7,000 மணியில் 3,000 மணி திட்டமிட்ட பராமரிப்பு. அதாவது கெடுவதற்கு முன்பே அட்டவணைப்படி எண்ணெய் மாற்றுவது, பேரிங்குக்குக் கிரீஸ் அடிப்பது, ஆயில் சீல் பார்ப்பது. மீதி 4,000 மணி பழுதான பின் செய்தது. திட்டப் பராமரிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு முன்தான் தொடங்கியிருந்தது. அதற்குப் பின் பெரிய பழுது எதுவும் வரவில்லை. வராததுதான் வினையாயிற்று.

புதிய முறையை விளக்கும் தாள் ஏப்ரலில் கையில் வந்ததும் சுண்ணாம்புப் பிரிவு மேலாளர் என்னிடம் வந்தார்.

"சார், பிரேக்டவுனுக்கு பில் போடுறீங்க, சரி. கெட்டுது, செஞ்சாங்க. ஆனா ஒண்ணுமே கெடாத மெஷினத் திறந்து பாத்துட்டு மூடுறதுக்கும் 250 ரூபாயா?"

பக்கத்தில் நின்ற மேஸ்திரி அவருக்கு ஒத்து ஊதினார்: "ஓடுற மிஷின தொடக் கூடாது சார். தொட்டா கெடும்."

மே மாதத்திலிருந்து சுண்ணாம்புப் பிரிவு திட்டப் பராமரிப்புக்கு மெஷினை விடவில்லை. ஏப்ரலில் செய்ய வேண்டியதையும் 'லோடு இருக்கு' என்று தள்ளிவிட்டிருந்தார்கள். ஆக, அரையாண்டுக்கு 1,500 மணி திட்டவேலை அப்படியே நின்றது. பழுது வேலை வழக்கம்போல் 2,000 மணி. மற்ற இரண்டு பிரிவுகளில் மாற்றமில்லை. ஃபிட்டர்கள் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை; அரையாண்டுச் செலவு அதே 17.5 லட்சம். மணிதான் 7,000-லிருந்து 5,500 ஆனது. வீதம் 250-லிருந்து 318 ரூபாய்க்கு ஏறியது. செப்டம்பர் முடிவில் தாள் இப்படி இருந்தது:

| பிரிவு | 250 வீதப்படி வழக்கமான அரையாண்டு | இந்த அரையாண்டு மணி | ஏறிய தொகை |
|---|---|---|---|
| சுண்ணாம்பு | 8.75 லட்சம் | 2,000 | 6.36 லட்சம் |
| பதனிடுதல் | 5.00 லட்சம் | 2,000 | 6.36 லட்சம் |
| ஃபினிஷிங் | 3.75 லட்சம் | 1,500 | 4.77 லட்சம் |

சுண்ணாம்புப் பிரிவுக்கு 2.39 லட்சம் குறைந்துவிட்டது. நிறுவனத்துக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. அந்த 2.39 லட்சம் மற்ற இரண்டு பேர் தலையில் விழுந்திருக்கிறது, அவர்கள் ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாகக் கேட்காமலே. பதனிடும் பிரிவு மேலாளர் அதைப் பார்த்துவிட்டு அவரும் திட்டவேலையைக் குறைப்பதாகச் சொன்னார். அவர் குறைத்தால் வீதம் இன்னும் ஏறும். அடுத்து ஃபினிஷிங் குறைக்கும். பயன்படாமல் நின்ற 1,500 மணி, 250 வீதத்தில் 3.75 லட்சம். அது எங்கேயும் தனி வரியாகத் தெரியவில்லை, வீதத்துக்குள் கரைந்துவிட்டது. பட்டறை வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஃபிட்டர்களைப் பார்த்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை

சுண்ணாம்புப் பிரிவில் நான்கு மர டிரம்கள். மூன்றாம் எண் டிரம்மில் ஆறு டன், அதாவது 240 தோல், சுண்ணாம்பில் சுற்றிக்கொண்டிருந்தது. மாலை ஏழு மணிவாக்கில் கியர்பாக்ஸில் ஒரு முறுக்கல் சத்தம். மோட்டார் ஓடுகிறது, டிரம் நிற்கிறது. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் வார்ம் சக்கரம் என்ற வெண்கலப் பல்சக்கரத்தின் பல் வழித்துக்கொண்டு போய்விட்டது.

திறந்து பார்த்ததும் காரணம் தெரிந்தது. வடித்த எண்ணெய் மோர் நிறத்தில் இருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்தால்தான் அப்படி வெளுக்கும். ஆயில் சீல் தேய்ந்து, டிரம் கழுவும் தண்ணீர் மாதக்கணக்கில் உள்ளே கசிந்திருக்கிறது. எண்ணெயைத் துணியில் வடிகட்டியபோது பொன் தூள் போல மினுமினுத்தது. வார்ம் சக்கரத்தின் வெண்கலம். இந்த இரண்டு அடையாளங்களும் பல் உடைவதற்கு வெகுநாள் முன்பே வந்துவிடும். வடிகால் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, கால் டம்ளர் எண்ணெய் பிடித்து வெளிச்சத்தில் பார்த்திருந்தால் போதும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் எண்ணெய் மாற்ற வேண்டிய நாள் அட்டவணையில் இருந்தது. இரண்டும் நடக்கவில்லை.

டிரம் நின்றால் தோல் காத்திருக்காது. சுற்றாத டிரம்மில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடக்கும் தோலுக்கு மருந்து சமமாகச் சேராது. மேல்பரப்பில் திட்டுத் திட்டாக விழும். உடனே காலிசெய்யவும் முடியவில்லை. கதவு மேல்பக்கம் நின்றுவிட்டதால் செயின் பிளாக் போட்டு டிரம்மைத் திருப்ப வேண்டியிருந்தது. சல்பைடு இருக்கும் டிரம்மில் அனுமதிச் சீட்டும் காற்றுச் சோதனையும் இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது. அங்கே அமிலம் தப்பித் தவறிப் பட்டால் வருவது ஹைட்ரஜன் சல்பைடு, ஆளை வீழ்த்திவிடும். அந்த இரவு அவசரப்படாமல் நின்றதற்காக மேஸ்திரியை இன்றும் மதிக்கிறேன். தோல் வேறு டிரம்முக்கு மாறும்போது ஞாயிறு காலை ஆகிவிட்டது. தண்ணீர் ஊற்றி மறுபடி மறுபடி அலசிச் சரிசெய்யலாமே என்றால் அதற்கும் அளவு உண்டு. பாலாற்றுப் படுகைத் தோல் ஆலைகள் மீது 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, கழிவுநீர் எவ்வளவு வெளியேறுகிறது என்பதைக் கணக்குப் பார்க்காமல் இங்கே யாரும் வால்வைத் திறப்பதில்லை.

ஜாப் கார்டில் ஏறியது இது. வார்ம் செட் 1,10,000 ரூபாய். பேரிங் 14,000. வெளிப்பட்டறையில் ஷாஃப்ட் வேலை 22,000. கிரேன் 12,000. ஃபிட்டர்கள் 60 மணி, 15,000. ஓவர்டைமுக்குக் கூடுதலாக 5,000. மொத்தம் 1,78,000. உடைந்த வெண்கலச் சக்கரம் பழைய சாமானாக 8,000-க்குப் போனது. அதைக் கழித்தால் 1,70,000. அந்த 8,000 வழக்கம்போல 'இதர வருமானம்' கணக்குக்குப் போய்விட்டிருந்தது. தேடிப் பிடித்து இந்த ஜாப் கார்டுக்குக் கொண்டுவந்தேன். சின்னத் தொகைதான், ஆனால் வெண்கலம், செம்பு விஷயத்தில் இதைப் பார்க்காமல் விட்டால் ஆண்டுக்கு நல்ல தொகை வழிதவறிப் போகும்.

ஜாப் கார்டில் ஏறாதது இன்னும் பெரிது. 240 தோலில் 150 தோல் ஃபினிஷிங் வரை போய்த் தரம் இறங்கியது. தோலுக்கு 35 சதுர அடி, சதுர அடிக்கு 40 ரூபாய் குறைவு: 2,10,000. நான்கு நாள் ஒரு டிரம் இல்லாததை மற்ற மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டி ஈடுகட்டினார்கள், அதற்கு 40,000. ஆக இந்தப் பழுதின் உண்மை விலை 4.20 லட்சம். தரம் இறங்கிய நஷ்டம் ஃபினிஷிங் பிரிவின் தாளில் விழுந்தது. ஞாயிறு ஓவர்டைம் உற்பத்திக் கூலியில் கலந்தது. சுண்ணாம்புப் பிரிவுக் கணக்கில் ஏறியது 1.70 லட்சம் மட்டும்.

இப்போது அந்த மேலாளரின் இடத்தில் நின்று பாருங்கள். திட்டவேலையை நிறுத்தி 2.39 லட்சம் மிச்சம். கியர்பாக்ஸ் போனதில் 1.70 லட்சம் செலவு. இன்னும் 69,000 ரூபாய் லாபத்தில் இருக்கிறார்! அவரை நான் குறை சொல்லவில்லை. நான் கொடுத்த தாளை அவர் சரியாகத்தான் படித்தார்.

எண்ணெய் மாற்றுவதா, உடையவிடுவதா

20,000 ரூபாய் செலவழித்திருந்தால் 4.20 லட்சம் தப்பியிருக்கும் என்று முதலாளி சொன்னார். கேட்க நன்றாக இருக்கும், கணக்காகாது. ஆண்டுச் செலவை ஒருமுறைச் செலவோடு ஒப்பிடக் கூடாது. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை உடைகிறது என்பது நடுவே வர வேண்டும்.

ஒரு டிரம் கியர்பாக்ஸுக்குத் திட்டச் செலவு: ஆண்டுக்கு இரண்டு முறை எண்ணெய் மாற்றம், முறைக்கு இரண்டு பேர் மூன்று மணி, காலாண்டுச் சோதனைக்கு இரண்டு மணி. மொத்தம் 20 மணி, 5,000 ரூபாய். எண்ணெய் முறைக்கு 20 லிட்டர், லிட்டர் 300 ரூபாய் என்றால் 12,000. சீல், கிரீஸ் 3,000. ஆண்டுக்கு 20,000. லோடுக்கும் லோடுக்கும் நடுவே செய்தால் உற்பத்தி இழப்பு இல்லை.

உடையும் வேகத்துக்குப் பழைய பதிவேட்டைத் தேடினோம். திட்டப் பராமரிப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் நான்கு டிரம்களில் நான்கு முறை கியர்பாக்ஸ் போயிருந்தது. அதாவது ஒரு டிரம்முக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. ஆக, விட்டுவிட்டால் டிரம்முக்கு ஆண்டுச் செலவு சராசரியாக 1.40 லட்சம். திட்டம் நடந்த இரண்டு ஆண்டுகளில் ஒன்றுகூடப் போகவில்லை. அதை வைத்து 'இனிப் போகவே போகாது' என்று எழுதினால் அது ஆசை. பத்தாண்டுக்கு ஒருமுறை என்று வைத்தேன்: 42,000, அதோடு திட்டச் செலவு 20,000, ஆக 62,000. டிரம்முக்கு 78,000 மிச்சம். நான்குக்கும் 3.12 லட்சம்.

அந்தப் பத்தாண்டு என் ஊகம். கூட்டத்தில் அதைத்தான் முதலில் கேட்டார்கள். அதனால் கணக்கைத் திருப்பிப் போட்டேன். திட்டவேலை எத்தனை ஆண்டுக்குக் கியர்பாக்ஸைக் காப்பாற்றினால் செலவுக்கும் செலவுக்கும் சரியாகும்? விடை, மூன்றரை ஆண்டு. மூன்று ஆண்டில் போகிற கியர்பாக்ஸ் ஆறு மாதம் கூடுதலாக ஓடினாலே எண்ணெய்க்குப் போட்ட பணம் வந்துவிடும். அதற்குப் பிறகு பத்தாண்டா எட்டாண்டா என்று யாரும் சண்டை போடவில்லை. ஆனால் ஜாப் கார்டில் ஏறிய 1.70 லட்சத்தை மட்டும் வைத்து இதே கணக்கைப் போட்டால் கிட்டத்தட்ட 4.6 ஆண்டு என்று வரும். மேலாளருக்குத் தெரிந்த செலவு அது மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு அவர் தயங்கியதில் ஆச்சரியமில்லை.

எல்லா இடத்திலும் திட்டப் பராமரிப்புதான் மலிவு என்று நினைத்துவிடக் கூடாது. அதே பிரிவில் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் இரண்டு. ஒன்று ஓடும், ஒன்று தயாராக நிற்கும். மெக்கானிக்கல் சீல் ஒன்று 4,000, மாற்ற 1,000. அட்டவணைப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி ஆண்டுக்கு 10,000 செலவாகிக்கொண்டிருந்தது. கழற்றிய சீல் பல நன்றாகவே இருந்தன. விட்டுவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறைக்கும் குறைவாகவே போகிறது. போனால் அடுத்த பம்பைத் தட்டிவிட்டு நிதானமாக மாற்றலாம். அதனால் அந்த வரியை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டு இரண்டே நிபந்தனை வைத்தோம்: ஒரு சீல் எப்போதும் ஸ்டோர்ஸில் இருக்க வேண்டும், நிற்கும் பம்பை வாரம் ஒருமுறை கால் மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்க்காத மாற்று பம்ப் பெரும்பாலும் தேவைப்படும் அன்றுதான் ஓடாது.

மறுபடி எழுதிய முறை

அடுத்த ஏப்ரலில் முறையை மாற்றினோம். அடிப்படை ஒன்றுதான்: 35 லட்சம் ஒரு துறை எத்தனை மணி கேட்கிறது என்பதைப் பொறுத்து ஏறி இறங்குவதில்லை, எத்தனை ஆள் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அந்த ஆட்களை வைத்திருப்பது துறைகள் ஆண்டுத் தொடக்கத்தில் கேட்ட அளவுக்காக. ஆகவே கேட்ட அளவுக்குத்தான் பற்று வைக்க வேண்டும்.

மெஷின் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பிரிவுக்கும் திட்டமணியும், கடந்த கால அனுபவப்படி பழுதுக்கு ஒதுக்கும் மணியும் சேர்த்து ஒப்புக்கொண்டார்கள். அதே 7,000, 4,000, 3,000 தான் வந்தது. சுண்ணாம்புப் பிரிவுக்கு ஆண்டுக்கு 17.5 லட்சம், மாதம் 1,45,833 ரூபாய். மெஷினைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஏறும். வீதம் 14,000 மணி திறனை வைத்து 250-இலேயே நிற்கும். வேலை குறைந்தால் வீதம் ஏறாது. பயன்படாத மணி பராமரிப்புத் துறைத் தாளில் தனி வரியாக நிற்கும், அதற்கு மேற்பார்வையாளர் பதில் சொல்ல வேண்டும்.

இதன் விளைவு முதல் மாதமே தெரிந்தது. திட்டவேலைக்குத் தனி பில் இல்லை, பணம் ஏற்கெனவே போய்விட்டது. அதே சுண்ணாம்புப் பிரிவு மேலாளர் இப்போது பட்டறைக்கு வந்து, "என் டிரம்முக்கு இன்னும் ஏன் ஆள் வரல?" என்று கேட்டார்.

உதிரிப்பாகமும் வெளிவேலையும் முன்போலவே நேராக ஏறும். பழுது, ஒதுக்கிய மணியைத் தாண்டினால் தாண்டிய மணிக்கு 250 வீதம் கூடுதல் பற்று. இந்த இடத்தில்தான் தகராறு. யாருடைய தவறால் பழுது? அட்டவணையில் வேலை இருந்தும் துறை மெஷினை விடவில்லை என்றால் துறை ஏற்க வேண்டும். தரம் இறங்கிய நஷ்டமும் ஃபினிஷிங்கில் விழாமல் அந்தத் துறைக்கே திரும்பும். மெஷினைக் கொடுத்தும் பராமரிப்பு ஆட்கள் செய்யவில்லை, அல்லது அரைகுறையாகச் செய்தார்கள் என்றால் பராமரிப்புத் துறையிலேயே தங்கும். இரண்டும் இல்லாத சாதாரணத் தேய்மானம் வழக்கம்போல் ஏறும். காரணத்தை ஃபிட்டரே எழுதினால் எல்லாம் துறையின் தவறாக இருக்கும். துறை எழுதினால் எல்லாம் ஃபிட்டரின் தவறாக இருக்கும். அதனால் ஜாப் கார்டில் 'மெஷின் ஒப்படைத்த நேரம்', 'திரும்பப் பெற்ற நேரம்' என்று இரண்டு கட்டம், இரண்டிலும் இரண்டு தரப்புக் கையெழுத்து. பாதிச் சண்டை அதிலேயே அடங்கியது. மீதிப் பாதி மாதக் கூட்டத்துக்கு வந்தது, வரட்டும்.

நடுவில் ஒரு கேள்வி: நவம்பர் செலவு தோலின் அடக்கவிலையில் சேருமா? இந்தியச் செலவுக் கணக்காளர் நிறுவனத்தின் 12-ஆம் செலவுக் கணக்கு நியமம் பராமரிப்புச் செலவைப் பற்றியது. இயல்புக்கு மாறான செலவை அடக்கத்தில் சேர்க்கக் கூடாது என்கிறது. பெரிய ஓவர்ஹால் செலவைப் பலன் தரும் காலத்துக்குப் பரப்பச் சொல்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த பழுதை இயல்புக்கு மாறானது என்று நான் கருதவில்லை, 1.70 லட்சத்தை அடக்கத்திலேயே வைத்தேன். வெள்ளமோ தீயோ என்றால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

எண்ணெய் எங்கே போனது

புது முறையில் அக்டோபர் மாத அறிக்கை பிரமாதமாக இருந்தது. திட்டவேலை அட்டவணையில் 90 சதவீதத்துக்கு மேல் 'முடிந்தது' என்று டிக். எனக்கு டிக்குகள் மேல் நம்பிக்கை குறைவு, ஸ்டோர்ஸ் புத்தகத்தின் மேல் அதிகம். நான்கு டிரம், ஆண்டுக்கு இரண்டு முறை, முறைக்கு 20 லிட்டர். இரண்டாம் சுற்றும் முடிந்ததாக அறிக்கை சொன்னதால் 160 லிட்டர் கியர் ஆயில் ஸ்டோர்ஸிலிருந்து போயிருக்க வேண்டும். போயிருந்தது 95 லிட்டர்.

திட்டவேலைக்கு பில் இல்லை என்றானதும் எதிர்ப்பக்கம் ஒரு ஓட்டை திறந்திருக்கிறது. துறை கேட்கிறது, பட்டறை டிக் போடுகிறது, எண்ணெய் மாறினால் என்ன மாறாவிட்டால் என்ன. ஜாப் கார்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஆறு ஆள்மணி ஆக வேண்டிய எண்ணெய் மாற்றம் அக்டோபரில் இரண்டு மணியில் முடிந்ததாக இருந்தது. ஏப்ரலில் 80 லிட்டர் சரியாகப் போயிருந்தது. அக்டோபரில் வெறும் 15.

திருட்டு என்று சிலர் உடனே முடிவுகட்டினார்கள். எண்ணெய் ஸ்டோர்ஸில் அப்படியேதான் இருந்தது; எடுக்காத எண்ணெயை யார் திருடுவது? மூத்த ஃபிட்டரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் தயங்கினார்.

"பழைய ஆயில எதுல வடிக்கிறது சார்? பேரல் மூணும் வழிய வழிய நிக்குது. கால்வாயில ஊத்தவா? அதான், குறைஞ்ச அளவுக்கு மேல ஊத்திட்டு மூடிட்டோம்."

கழிவு எண்ணெய், 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் கீழ் வருவது. அங்கீகாரம் பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும், எங்களுக்கு ஒரு மறுசுழற்சியாளர். அவர் வண்டி ஜூன் மாதத்திலிருந்து வரவில்லை, வரச்சொல்லி யாரும் கடிதம் எழுதவும் இல்லை. புது பேரல் வாங்க ஸ்டோர்ஸ் எந்தத் துறையின் கணக்கு எண்ணைப் போடுவது என்று கேட்டுக் கோரிக்கைச் சீட்டைத் திருப்பி அனுப்பியிருந்தது. சீட்டு பட்டறை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. நான் மூன்று துறைக்கும் கணக்கு எண் கொடுத்திருந்தேன். வடிந்து வருவதற்குக் கொடுக்கவில்லை. அன்று மாலையே சீட்டில் பராமரிப்புத் துறையின் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் நாள் பேரல் வந்தது. மூன்றாம் எண் டிரம்மிலிருந்து வடித்த எண்ணெயை ஃபிட்டர் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து என் மேஜைக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் காட்டினார். கறுப்பாக இருந்தது, மோர் நிறம் இல்லை.